அகழ்வுக் குழிக்கு ஃபைனைட் எலிமெண்ட் பகுப்பாய்வு: மண்ணுக்கான கணித மாதிரித் தேர்வும் கைக்கணக்குச் சரிபார்ப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எந்த வேலையை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன?

கிருஷ்ணகிரி நகருக்குள் ஒரு வணிகக் கட்டடத்தின் நிலவறைத் தளத்துக்காக 5 மீட்டர் ஆழமும் 18 மீட்டர் அகலமும் உள்ள குழியைத் தோண்டுவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து மனையில் பழைய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. இந்தப் பகுதியில் பெரும்பாலும் காண்பதுபோல, மேலே செம்மண், அதன் கீழே நைஸ் பாறை மக்கியதால் உண்டான வண்டல் கலந்த மணல், 12 மீட்டர் ஆழத்தில் கெட்டிப் பாறை என்று நிலம் அமைந்துள்ளது. நிலத்தடி நீர் பாறைக்கு மேலே வரவில்லை. குழியின் ஓரமாக 8 மீட்டர் நீளமுள்ள பைல்களை நெருக்கமாக இறக்கிச் சுவராக்குகிறோம். மேல்மட்டத்திலிருந்து 1 மீட்டர் கீழே ஒரே ஒரு வரிசை இரும்பு ஸ்ட்ரட் கொடுக்கிறோம். ஆகவே குழியின் அடிமட்டத்துக்குக் கீழே சுவர் 3 மீட்டர் புதைந்திருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க, பாறைக்கு மேலுள்ள மண் முழுவதையும் ஒரே அடுக்காக எடுத்துக்கொள்வோம். அலகு எடை ஒரு கனமீட்டருக்கு 19 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 32 பாகை, ஒட்டுமை பூஜ்ஜியம். இவை விளக்கத்துக்காகத் தேர்ந்த எண்கள். உங்கள் மனைக்கு உரியவை அங்கே போட்ட போர் துளைகளிலிருந்தே வர வேண்டும்.

மென்பொருள்தான் எல்லாவற்றையும் கணக்கிடுகிறதே, பிறகு கைக்கணக்கு எதற்கு? அதையும் ஏன் முதலில் போடச் சொல்கிறீர்கள்?

மென்பொருள் தந்த விடையைப் பார்த்துவிட்டுப் போடும் கைக்கணக்கு, பெரும்பாலும் அந்த விடைக்குத் துணைபோகும் கணக்காகவே முடிகிறது. ஸ்ட்ரட் விசை மீட்டருக்கு 120 கிலோநியூட்டன் என்று திரையில் பார்த்த பிறகு, 120 வருவதற்கான காரணங்கள் எளிதில் தோன்றிவிடும். முன்கூட்டியே தாளில் 52 முதல் 80 வரை என்று எழுதி வைத்திருந்தால், 120-ஐப் பார்த்தவுடன் எங்கே பிழை என்று தேடத் தொடங்குவோம். அதனால் என் வேலையில் ஒரு மாதிரியை ஓட்டுவதற்கு முன்பே எதிர்பார்க்கும் எண்களைத் தேதியிட்டு எழுதி வைப்பதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

இந்தக் குழிக்கு அந்தக் கைக்கணக்கைப் படிப்படியாகக் காட்ட முடியுமா?

சுவரின் பின்புறம் மண் தள்ளுகிறது. முன்புறம் புதைந்த பகுதியில் மண் எதிர்க்கிறது. மீதியை ஸ்ட்ரட் தாங்குகிறது. ரேங்கின் முறையில் தள்ளுதலுக்கான Ka, எதிர்ப்புக்கான Kp ஆகிய இரண்டு கெழுக்களும் இவ்வாறு வருகின்றன:

```
Ka = tan²(45 − 32/2) = 0.307
Kp = tan²(45 + 32/2) = 3.255
```

சுவரின் முழு உயரமான 8 மீட்டருக்கும் பின்னிருந்து வரும் தள்ளுவிசை, ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு 0.5 × 0.307 × 19 × 8² = 187 கிலோநியூட்டன். முக்கோணப் பரவல் என்பதால் இது மேலிருந்து 5.33 மீட்டரில், அதாவது ஸ்ட்ரட்டுக்குக் கீழே 4.33 மீட்டரில் செயல்படுகிறது. முன்புற எதிர்ப்பு, குழி அடியிலிருந்து 2 மீட்டர் கீழே, ஸ்ட்ரட்டிலிருந்து 6 மீட்டர் தொலைவில் செயல்படுகிறது. ஸ்ட்ரட் இருக்கும் புள்ளியைப் பற்றித் திருப்புமையைச் சமன்செய்தால், தேவைப்படும் எதிர்ப்பு 187 × 4.33 / 6 = 135 கிலோநியூட்டன். மீதி 52 கிலோநியூட்டன் ஸ்ட்ரட்டுக்குப் போகிறது. சுவரில் உச்ச வளைவுத் திருப்புமை, மேலிருந்து சுமார் 4.2 மீட்டரில், மீட்டருக்கு 94 கிலோநியூட்டன்-மீட்டர்.

இது கீழ் வரம்பு. ஏனெனில் பின்புற மண் முழுமையாகத் தளர்ந்து அதன் குறைந்தபட்ச அழுத்தத்துக்கு வந்துவிட்டது என்று இதில் கொள்கிறோம். பக்கத்தில் கட்டடம் இருப்பதால் சுவரை அவ்வளவு நகர விடமாட்டோம். சுவர் துளியும் நகரவில்லை என்று வைத்துக்கொண்டால், அழுத்தக் கெழு ஜாக்கியின் சூத்திரப்படி 1 − sin 32 = 0.47 ஆகிறது. அதே கணக்கை இந்தக் கெழுவில் திரும்பப் போட்டால் ஸ்ட்ரட் விசை சுமார் 80 கிலோநியூட்டன், உச்சத் திருப்புமை சுமார் 144. ஆகவே முன்னழுத்தம் கொடுக்காத ஸ்ட்ரட்டுக்கு 52 முதல் 80 வரை எதிர்பார்ப்போம். சுவர் வளையும்போது அழுத்தம் ஸ்ட்ரட்டை நோக்கிக் குவியும் என்பதால், விடை இந்த எல்லையை இம்மியும் தாண்டக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. ஆனால் 30 என்றோ 120 என்றோ வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும்.

இதே தாளில் பாதுகாப்புக் காரணியையும் கணக்கிட்டு வைக்கலாம். உராய்வுக் கோணத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால், 3 மீட்டர் புதைவு சரியாகப் போதுமானதாக ஆகும் கோணம் ஒன்று வரும். சமநிலைச் சமன்பாட்டின்படி அப்போது Kp / Ka விகிதம் 5.14, அதற்குரிய கோணம் 22.8 பாகை. tan 32 / tan 22.8 = 1.49. மென்பொருளின் வலிமைக் குறைப்புப் படிநிலை தரும் காரணியோடு நேரடியாக ஒப்பிட வேண்டிய எண் இதுதான்.

மோர்-கூலும் மாதிரி எல்லோருக்கும் தெரிந்தது, அளவுருக்களும் குறைவு. அதுவே போதாதா?

மண் எப்போது உடையும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வேண்டுமானால் போதும். வலிமைக் குறைப்புப் படிநிலையில் மேம்பட்ட மாதிரிகளும் மோர்-கூலும் உடைவு விதியைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் பாதுகாப்புக் காரணி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அசைவு எவ்வளவு, பக்கத்துக் கட்டடம் எவ்வளவு இறங்கும் என்று கேட்கும்போதுதான் மோர்-கூலும் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது.

காரணம் இதுதான். குழி தோண்டுவது அடியிலுள்ள மண்ணின் மீதிருந்த சுமையை இறக்கிவைக்கும் செயல். சுமை ஏற்றும்போது நெகிழ்ந்து கொடுக்கும் மண், சுமையை எடுக்கும்போது அதைவிடப் பல மடங்கு விறைப்பாக நடந்துகொள்கிறது. மோர்-கூலும் மாதிரியிலோ இரண்டுக்கும் விறைப்பு எண் ஒரே E தான். ஆகவே சுமையேற்றத்துக்கு உரிய E-ஐக் கொடுத்துவிட்டுத் தோண்டினால், குழியின் அடி உண்மையில் எழும்புவதைவிட மிக அதிகமாக எழும்பும்.

எவ்வளவு அதிகம் என்பதையும் கையால் கணக்கிடலாம். 5 மீட்டர் மண்ணை எடுப்பதால் குறையும் அழுத்தம் 5 × 19 = 95 கிலோபாஸ்கல். E = 30 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3 என்றால், பக்கவாட்டில் விரிய முடியாத மண்ணின் விறைப்பு இது:

```
Eoed = E(1 − ν) / ((1 + ν)(1 − 2ν)) = 40.4 MPa
heave = 95 × 7 / 40400 = 0.0165 m
```

குழி அடிக்கும் பாறைக்கும் இடையே 7 மீட்டர் மண் இருப்பதால் 16 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் எழும்பல் வருகிறது. சுமை இறக்கத்துக்கு உரிய விறைப்பை மூன்று மடங்காக, 90 மெகாபாஸ்கலாக எடுத்து, அந்த நிலைக்கு வழக்கமாகக் கொள்ளும் 0.2 பாய்சான் விகிதத்தைப் பயன்படுத்தினால் அதுவே 6.7 மில்லிமீட்டராகக் குறைகிறது. பாறை 12 மீட்டரில் இருப்பதைக் கவனிக்காமல், வேறு ஒரு வேலையின் கோப்பை நகலெடுத்து, 30 மீட்டர் வரை அதே மண் என்று வரைந்துவிட்டாலோ, மோர்-கூலும் மாதிரியில் இதே சூத்திரம் 59 மில்லிமீட்டர் காட்டும். ஆழத்தில் அழுத்தக் குறைவு பரவிச் சிறுத்துவிடுவதால் இருபரிமாண மாதிரியின் விடை அதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் மாதிரியின் அடி எல்லையை இறக்க இறக்க எழும்பல் கூடிக்கொண்டே போகும். மாதிரியை எவ்வளவு ஆழமாக வரைந்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறினால், அந்த விடை மண்ணைப் பற்றியது அல்ல.

திரையிலேயே இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. குழி அடி எழும்பும்போது சுவரையும் சேர்த்துத் தூக்கும். சுவருக்குப் பின்னால் உள்ள தரையும் கீழே இறங்குவதற்குப் பதிலாக மேலே ஏறியிருக்கும். பக்கத்துக் கட்டடம் சில மில்லிமீட்டர் உயர்ந்ததாகக் காட்டும் அறிக்கையைப் பார்த்தால், எந்த மாதிரி பயன்படுத்தப்பட்டது என்பதை வேறு பக்கம் புரட்டாமலே ஊகித்துவிடலாம். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது: உண்மையில் இறங்கப்போகும் கட்டடத்துக்கு இறக்கமே இல்லை என்று அந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

அப்படியானால் எந்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் குழிக்கு ஹார்டனிங் சாயில் மாதிரி பொருத்தமானது. சுமையேற்றத்துக்கு ஒரு விறைப்பு, சுமை இறக்கத்துக்கு வேறொரு விறைப்பு, ஆழம் கூடும்போது விறைப்பும் கூடுதல் என்ற மூன்றும் அதில் உண்டு. குழியிலிருந்து தள்ளி நிற்கும் கட்டடத்தின் இறக்கம்தான் முடிவைத் தீர்மானிக்கும் என்றால், மிகச் சிறிய திரிபில் மண் காட்டும் கூடுதல் விறைப்பையும் சேர்த்த அதன் விரிவாக்கத்தைப் பயன்படுத்தலாம். அது இல்லாவிட்டால் இறக்கக் கிண்ணம் உண்மையைவிட அகலமாகப் பரவியும், சுவருக்கு அருகில் ஆழம் குறைந்தும் தெரியும். கெட்டிப் பாறைக்கு, இந்தச் சுமைகளின் அளவில், நேர்கோட்டு மீள்மை மாதிரியே போதும்.

இருந்தாலும் மோர்-கூலும் மாதிரியை ஒதுக்கிவிடாமல் முதலில் அதில் ஓட்டுங்கள் என்றே சொல்வேன். அளவுருக்கள் குறைவாக இருப்பதால் அதன் விடையைக் கைக்கணக்கோடு ஒட்டிப் பார்ப்பது எளிது. எல்லைகள், ஸ்ட்ரட், தோண்டும் கட்டங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்பது அதில் உறுதியான பிறகு, மண் மாதிரியை மட்டும் மாற்றுங்கள். அப்போது விடையில் வரும் மாற்றம் முழுவதும் மண் மாதிரியால் வந்தது என்று சொல்ல முடியும்.

எங்கள் பகுதி மண்ணில் ஆய்வகத்துக்குக் குலையாத மாதிரி எடுக்கவே முடிவதில்லை. விறைப்பு எண்களை எங்கிருந்து பெறுவது?

மக்கிய நைஸ் மண், குழாயில் எடுக்கும்போதே உதிர்ந்துவிடுகிறது. சற்று ஆழத்தில் எஸ்.பி.டி. சோதனையும் சுத்தியலால் 50 முறை அடித்தும் இறங்காமல் நின்றுவிடுகிறது. நின்றுவிட்ட எஸ்.பி.டி. எண்ணை ஒரு சூத்திரத்தில் போட்டு E எடுப்பதைவிட, ஐ.எஸ். 1888 முறைப்படி தட்டுச் சுமைச் சோதனை செய்வதையே நான் விரும்புகிறேன். அதில் முக்கியமான ஒன்று, சுமையை ஒரே மூச்சில் ஏற்றி முடித்துவிடாமல், இடையில் ஒருமுறை இறக்கி மீண்டும் ஏற்றும்படி ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பது. கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் நமக்கு மிகவும் தேவையான எண் அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு 200 கிலோபாஸ்கலில் 2.1 மில்லிமீட்டர் இறங்கியது என்றும், 200-லிருந்து 50-க்கு இறக்கி மீண்டும் ஏற்றும்போது 0.5 மில்லிமீட்டர் மட்டுமே அசைந்தது என்றும் கொள்வோம். விறைப்பான வட்டத் தட்டுக்கான சூத்திரம்:

```
E   = (π/4) × q × B × (1 − ν²) / s
E   = 0.785 × 200 × 0.45 × 0.91 / 0.0021 ≈ 30600 kPa
Eur = 0.785 × 150 × 0.45 × 0.91 / 0.0005 ≈ 96500 kPa
```

முதலாவது ஏறக்குறைய 30 மெகாபாஸ்கல். இரண்டாவது அதைப்போல் மூன்று மடங்கு. சோதனைத் தரவு இல்லாதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் விகிதமும் பொதுவாக மூன்றுதான். ஆனால் உங்கள் மண்ணில் அது நான்காகவோ ஐந்தாகவோ இருந்தால் அதை அறிய வேறு வழியில்லை. இரண்டு எச்சரிக்கைகளை மறக்க வேண்டாம். தட்டு தன் விட்டத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஆழத்தை, அதாவது ஒரு மீட்டருக்கும் குறைவான மண்ணைத்தான் உணர்கிறது. ஆகவே குழி அடிமட்டத்திலும் ஒரு சோதனை வேண்டும். ஹார்டனிங் சாயில் மாதிரி கேட்கும் எண், 100 கிலோபாஸ்கல் சூழ்அழுத்தத்துக்கு உரியது. தட்டின் கீழ் உள்ள சூழ்அழுத்தம் அதுவே அல்ல என்பதால், சோதனை எண்ணை அப்படியே தட்டச்சு செய்யாமல், முதலில் அந்தத் தட்டுச் சோதனையையே ஒரு சிறிய மாதிரியாக வரைந்து ஓட்டுங்கள். களத்தில் கிடைத்த சுமை-இறக்க வளைகோடு திரும்ப வரும்வரை அளவுருவைச் சரிசெய்த பிறகு, அதைக் குழிக்குக் கொண்டுபோகலாம்.

இங்கே செம்மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கிறது. ஒட்டுமையைப் பூஜ்ஜியமாக வைப்பது வீண்செலவு இல்லையா?

கோடையில் அது நிற்பதற்குப் பெரும்பகுதி காரணம், ஈரம் குறைந்த மண்ணின் நுண்துளைகளில் இருக்கும் உறிஞ்சு அழுத்தம். மழைநீர் இறங்கினாலோ, பக்கத்து மனையின் கழிவுநீர்த் தொட்டி கசிந்தாலோ அது போய்விடும். 10 கிலோபாஸ்கல் ஒட்டுமை என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தெரியலாம். விளைவு சிறியது அல்ல. அது பின்புற அழுத்தத்தை எல்லா ஆழத்திலும் 2 × 10 × √0.307 = 11 கிலோபாஸ்கல் குறைக்கிறது. 5 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தமே 29 தான். மேல் 1.9 மீட்டருக்கு அழுத்தமே இல்லை என்று ஆகிவிடுகிறது. நாம் ஸ்ட்ரட் வைப்பதும் சரியாக அந்தப் பகுதியில்தான்.

நிறைசெறிவாக நனைத்துச் செய்த மூவச்சு அல்லது நேரடி வெட்டுச் சோதனையில் ஒட்டுமை கிடைத்தால், அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. உலர்ந்த நிலையில் செய்த சோதனையின் எண்ணை எடுக்கக் கூடாது. ஒட்டுமை பூஜ்ஜியமானால் மென்பொருள் தடுமாறும் என்பதற்காகச் சிலர் சிறிய மதிப்பு ஒன்றைக் கொடுப்பதுண்டு, அது 0.1 அல்லது 0.2 ஆக இருக்கலாம், 5 ஆக இருக்கக் கூடாது.

மாதிரியை ஓட்டியாகிவிட்டது. திரையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வண்ணப் படங்களைத் திறப்பதற்கு முன் தொடக்க நிலைக்குப் போங்கள். தோண்டுவதற்கு முன் 5 மீட்டர் ஆழத்தில் செங்குத்து அழுத்தம் 95, கிடை அழுத்தம் 0.47 × 95 = 45 என்று இருக்க வேண்டும். இது பொருந்தாவிட்டால் பிறகு வரும் எதுவும் பொருந்தாது. பெரும்பாலும் அலகு எடையோ நீர்மட்டமோ தவறாக உள்ளிடப்பட்டிருக்கும். தரைமட்டமோ மண் அடுக்குகளோ சாய்வாக இருக்கும் மனைகளில் வெறும் கிடைக் கெழுவால் தொடக்க அழுத்தத்தை உண்டாக்கினால் சமநிலை கிடைக்காது. கிருஷ்ணகிரி, சூளகிரி பக்கத்தில் பாறை மேற்பரப்பு சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே ஏறி இறங்குவது வழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன். அங்கே மண்ணின் தன்னெடையை ஏற்றி அழுத்தத்தை உருவாக்கும் முறையைப் பயன்படுத்தி, அதில் உண்டான அசைவுகளை அடுத்த கட்டத்துக்கு முன் பூஜ்ஜியமாக்க வேண்டும்.

அடுத்தது ஸ்ட்ரட். அவை 4 மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன என்றால், நம் எல்லையான 52 முதல் 80 வரை என்பது ஒரு ஸ்ட்ரட்டுக்கு 208 முதல் 320 கிலோநியூட்டன் ஆகும். மென்பொருள் காட்டுவது மீட்டருக்கான விசையா, ஒரு ஸ்ட்ரட்டுக்கான விசையா என்பதை அட்டவணையின் தலைப்பில் பாருங்கள். இடைவெளியை உள்ளிடாமல் விட்டால் ஸ்ட்ரட் நான்கு மடங்கு விறைப்பாகிவிடும். விடையும் ஒரு மீட்டருக்கு உரியதாகவே நின்றுவிடும். நான்கு மடங்கு வித்தியாசத்தைப் பார்த்தால் முதலில் இந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பிறகு பாதுகாப்புக் காரணி. நம் 1.49 என்பது சுவருக்கும் மண்ணுக்கும் இடையே உராய்வே இல்லை என்று கொண்டு வந்தது. ஆகவே மாதிரியில் இடைமுக வலிமையை மிகக் குறைவாக வைத்து, சுவர் உடையாதபடி மீள்மைப் பொருளாக வைத்து, ஒருமுறை ஓட்டுங்கள். 1.5-ஐ ஒட்டி வர வேண்டும். பிறகு உண்மையான இடைமுக மதிப்பைக் கொடுங்கள். காரணி உயரும்; அது நியாயமான உயர்வு, ஏனென்றால் உராய்வு முன்புற எதிர்ப்பைக் கூட்டுகிறது. முதல் ஓட்டமே 1.2 அல்லது 2.2 என்று வந்தால், உடைவுப் பரப்பின் படத்தைப் பாருங்கள். சுவர் ஸ்ட்ரட்டைப் பற்றிச் சுழன்று அடி முன்னே தள்ளப்படும் வடிவம் தெரியாமல், எங்கோ ஒரு மூலையில் சிறு சரிவு மட்டும் தெரிந்தால், மென்பொருள் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

வலையை எவ்வளவு நுணுக்கமாக்குவது?

விடை மாறாமல் நிற்கும் அளவுக்கு. உறுப்புகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும்போது பாதுகாப்புக் காரணி இன்னும் இறங்கினால் வலை போதவில்லை. பருமனான வலை மண்ணை உண்மையைவிட வலிமையாகக் காட்டும். பிழை எப்போதும் ஆபத்தான பக்கமே சாயும். புதிய மென்பொருளையோ புதிய உறுப்பு வகையையோ பயன்படுத்தும் முன், களிமண் மீது நீண்ட அடித்தளம் என்ற பிராண்டலின் பழைய கணக்கை ஓட்டிப் பாருங்கள். களியின் வடியா வலிமை cu என்றால், துல்லிய விடை 5.14 × cu என்பது தெரிந்ததே.

கைக்கணக்குக்கும் மென்பொருளுக்கும் எத்தனை சதவீத வித்தியாசம் வரை ஏற்கலாம்?

எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் சொல்வதை நான் ஏற்பதில்லை. தொடக்க அழுத்தம், மொத்த எடை, எதிர்விசைகளின் கூட்டல் ஆகியவை வெறும் சமநிலை. அவை ஒரு சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். ஒரே எடுகோள்களில் ஓட்டிய பாதுகாப்புக் காரணி ஐந்து முதல் பத்து சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். ஸ்ட்ரட் விசைக்கு மேலே சொன்ன எல்லைதான் அளவுகோல். அசைவுகளில் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட வரலாம்; அங்கே எண்ணைவிட, எந்தத் திசையில், எந்த இடத்தில், எந்தக் கட்டத்தில் அசைகிறது என்பதைப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவாக இருந்தாலும் அதன் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால்தான் அது ஏற்கத்தக்கது.

எங்கள் மனை பழைய ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. அடியில் கருப்புக் களி. இதே முறை பொருந்துமா?

பொருந்தாது. மேலே சொன்ன மண்ணில் நீர் எளிதாக வடிந்துவிடும். களியில் குழி தோண்டி முடிக்கும் வேகத்துக்கு நீர் வடியாது. இந்த வடியா நிலையில், பயனுறு ஒட்டுமையும் உராய்வுக் கோணமும் கொடுத்து மோர்-கூலும் மாதிரியை ஓட்டினால், மென்பொருள் தானாக ஒரு வடியா வலிமையைக் கணக்கிட்டுக்கொள்கிறது. மென்களியில் அது உண்மையைவிடக் கூடுதலாகவே வரும், ஏனெனில் களி வெட்டப்படும்போது உண்டாகும் நுண்துளை அழுத்த உயர்வை அந்த மாதிரி காட்டுவதில்லை. சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் நெடுஞ்சாலையை ஒட்டிய ஆழக் குழி இடிந்து நான்கு பேர் இறந்தனர். கடல்சார் மென்களிக்கு இந்த முறையைக் கையாண்டதும், ஸ்ட்ரட்டுகளுக்கும் கிடை உத்திரத்துக்கும் இடையிலான இணைப்பின் வடிவமைப்புப் பிழையும் அந்த இடிவின் காரணங்களில் சேர்ந்தவை.

கையால் சரிபார்ப்பது எளிது. தரைமட்டம் வரை நீர் நிற்கும் களியில் 4 மீட்டர் ஆழத்தைப் பார்ப்போம். பயனுறு செங்குத்து அழுத்தம் 4 × 7.2 = 29 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 24 பாகை, ஒட்டுமை பூஜ்ஜியம், கிடைக் கெழு 0.59. மாதிரி எடுத்துக்கொள்ளும் வலிமை, செங்குத்து, கிடை அழுத்தங்களின் சராசரியை sin 24-ஆல் பெருக்கியது:

```
cu = 0.5 × (29 + 17) × 0.407 = 9.4 kPa
```

முன்பு கூடுதல் சுமை ஏறாத களிக்குக் களத்தில் எதிர்பார்க்கும் மதிப்பு, பயனுறு அழுத்தத்தில் சுமார் 0.22 மடங்கு, அதாவது 6.4 தான். ஒன்றரை மடங்கு வலிமை எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. ஒட்டுமைக்கு 5 என்று கொடுத்திருந்தால் 14 ஆகி, இரண்டு மடங்கையும் தாண்டும். ஆகவே களியில் வேன் சோதனையில் அளந்து திருத்திய வடியா வலிமையை நேரடியாக உள்ளிட வேண்டும். ஏரிக் களிக்கு நீண்டகால இறக்கமும் வேண்டுமென்றால், கேம்-களி வகை மாதிரியைத் தனியாக ஓட்டலாம்.

கணக்கெல்லாம் பொருந்துகிறது. இருந்தும் இந்த நிலத்தில் மென்பொருள் காணாமல் விடக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. மக்கிய பாறை மண்ணாகத் தோன்றினாலும், பழைய பாறையின் விரிசல்களும் பட்டைகளும் அதில் அப்படியே மிஞ்சியிருக்கும். அவற்றில் சிலவற்றில் வழவழப்பான களி படிந்திருக்கும். தொடர்ச்சியான மண் என்று வரைந்த மாதிரி, எவ்வளவு மேம்பட்டதாக இருந்தாலும், அந்த விரிசலை அறியாது. தொப்பூர் கணவாய்ப் பகுதிச் சாலை வெட்டுகளின் முகத்தைப் பார்த்தால் இத்தகைய தளங்கள் வெளியே தெரியும். நகருக்குள் தோண்டும் குழியில் அவை ஒவ்வொரு கட்டத் தோண்டலின்போதும்தான் வெளிப்படும்.

குழியை நோக்கி 55 பாகை சாய்ந்த ஒரு விரிசல், குழியின் அடிமட்டத்தில் வெளிவருகிறது என்றும், அதன் மீதான உராய்வு 25 பாகை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நிற்கும் ஆப்பு வடிவ மண்ணின் எடையும், அதைத் தாங்கத் தேவையான கிடை விசையும் இவை:

```
W = 0.5 × 19 × 5² × cot 55 = 166 kN/m
P = W × tan(55 − 25) = 96 kN/m
```

அதே 5 மீட்டருக்கு ரேங்கின் தருவது 73. விரிசல் ஒன்றே தள்ளுவிசையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிடுகிறது. அதில் மழைநீர் நின்றால் இன்னும் கூடும். ஆகவே தோண்டும் ஒவ்வொரு கட்டத்திலும் பைல்களுக்கு இடையே தெரியும் மண் முகத்தில், காம்பஸும் கிளைனோமீட்டரும் கொண்டு சாய்வையும் திசையையும் அளந்து குறிக்க ஒருவர் வேண்டும். குழியை நோக்கிச் சாயும் தளம் ஒன்று கண்ணில் பட்டால், இந்த இரண்டு வரிக் கணக்கை அங்கேயே போட்டு, ஸ்ட்ரட்டின் கொள்ளளவோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த கட்டத் தோண்டலுக்கு அனுமதி தர வேண்டும். பிறகு அந்தத் தளத்தை வலிமை குறைந்த இடைமுகமாக மாதிரியில் வரைந்து மீண்டும் ஓட்டலாம். அதன் விடையும் 96-ஐ ஒட்டிய தள்ளுவிசையோடுதான் தொடங்க வேண்டும்.